மூன்றாம் நாள் சன்னி

பல வருடமாகத் தினமும் குடித்துவந்தவருக்குக் குடி திடீரென்று நின்றுபோனால், சில மணி நேரத்திலேயே உடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும். கை நடுங்கும், வியர்க்கும், வயிற்றைக் குமட்டும், தூக்கம் வராது. பெரும்பாலானவர்களுக்கு இது சில நாட்களில் தானாக அடங்கிவிடும். சிலருக்கு வலிப்பு வரும். இன்னும் சிலர் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ இடம், காலம், ஆள் எல்லாம் குழம்பிப்போய்ச் சன்னி நிலைக்குள் விழுவார்கள். கவனிக்காமல் விட்டால் சன்னி உயிரை எடுத்துவிடும். மனநலச் செவிலியர் பாடக்குறிப்பில் மது விலகல் என்ற தலைப்பில் வருவது இதுதான். ஆனால் இந்த நோயாளிகளில் பலர் மனநல வார்டுக்கு வருவதே இல்லை. கால் முறிந்து எலும்பு முறிவு வார்டிலும், வயிற்று வலியோடு அறுவைச் சிகிச்சை வார்டிலும் படுத்திருப்பார்கள். குடியை விட வேண்டும் என்று நினைத்து அவர்கள் அங்கே வந்திருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் குடிக்க வழி இல்லாததால்தான் குடி நின்றிருக்கும்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். மூளையில் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்வது காபா என்ற வேதிப்பொருள், தூண்டிவிடுவது குளூட்டமேட். மது முதலாவதற்குத் துணை போகிறது, இரண்டாவதை அமுக்கி வைக்கிறது. இப்படி வருடக்கணக்கில் அழுத்தத்தில் இருக்கும் மூளை, ஈடுகொடுப்பதற்காகத் தன் அமைதி வழிகளைத் தளர்த்தித் தூண்டும் வழிகளைக் கூட்டிக்கொள்கிறது. சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் மிதித்து ஓட்டுவது போன்ற நிலை அது. வண்டி ஒரே வேகத்தில்தான் போகும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் மது நின்றதும் மூளையில் நடக்கிறது. நடுக்கமும் படபடப்பும் வலிப்பும் சன்னியும் அந்த ஒரே கட்டுமீறலின் வெவ்வேறு அளவுகள்.

இந்தச் சன்னியை டெலிரியம் ட்ரெமன்ஸ், அதாவது நடுக்கத்தோடு வரும் பிதற்றல் என்று 1813-இல் பெயரிட்டு எழுதியவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஆனால் குடி நிற்பதுதான் காரணமா, அல்லது குடிப்பவருக்கு இருக்கும் சத்துக்குறைவுதான் காரணமா என்ற சந்தேகம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. 1950-களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், சிறைத்தண்டனை பெற்றிருந்த பத்துப் பேருக்கு வாரக்கணக்கில் மது கொடுத்து, கூடவே நல்ல உணவும் வைட்டமினும் கொடுத்து, பிறகு மதுவைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். சத்துக்குறைவு இல்லாதபோதும் நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் சன்னியும் வந்தன. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனால் குடி நிற்பதே காரணம் என்பதை ஐயமறக் காட்டியது அதுதான்.

நிலைகளைப் புரிந்துகொள்ள ஒரே வழி, கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து மணிக்கணக்கு போடுவது. ஆறு மணி நேரம் கடந்ததும் முதல் அறிகுறிகள் வரலாம்: நீட்டிய விரல்களில் நடுக்கம், உள்ளங்கையில் ஈரம், தலைவலி, காரணமில்லாத பதற்றம், வேகமான நாடி. குடிப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்று சொல்பவர், தினமும் விடியற்காலையில் விலகல் நிலையின் முதல் படியில் நின்று திரும்புகிறார் என்று பொருள். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் இடையில் வரும். ஏறத்தாழ அதே காலத்தில் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும். ஆனால் தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்பதை அவர்கள் சரியாகச் சொல்வார்கள். இது இன்னும் சன்னி இல்லை. சன்னி என்பது அந்தத் தெளிவும் போய்விடுவது. அது 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில் தொடங்கும். மனக்குழப்பம், கடுமையான நடுக்கம், வியர்வை, காய்ச்சல், ஏறிய ரத்த அழுத்தம் எல்லாம் கூடி வரும். விலகல் நிலைக்கு ஆளாகிறவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்குத்தான் இது வருகிறது. ஆனால் யாருக்கு வரும் என்பதை முதல் நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டாமலே ஒருவருக்கு நேராக வலிப்பு வரலாம். வலிப்பே வராமல் சன்னியும் வரலாம். இங்கே செவிலியர் முதலில் கேட்க வேண்டியது, முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ வந்ததா என்பதுதான். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் மூளை இன்னும் எளிதில் கிளறப்படுவதாக ஆகிவிடுகிறது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொண்டால் இதெல்லாம் தெளிவாகும். வயது 46. ஞாயிற்றுக்கிழமை மாலை மழையில் இருசக்கர வண்டி சறுக்கிக் கீழ்க்கால் எலும்பு முறிந்து, ஆறு மணிக்கு வார்டில் சேர்க்கப்பட்டார். குடிப்பீர்களா என்று கேட்டதற்கு, "எப்பவாச்சும் சிஸ்டர்" என்றார். வார்டில் அதிகம் கேட்கும் பதில் இதுதான். இதை எழுதி வைத்துக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. அவருடைய மனைவியைத் தனியாக அழைத்துக் கேட்டபோது கணக்கு வேறாக வந்தது: பத்து வருடத்துக்கு மேலாகத் தினமும் இரண்டு குவார்ட்டர், காலையில் நடுக்கத்துக்கு ஒரு கட்டிங். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த மது இருக்கிறது. இரண்டென்றால் 120 கிராம். கடைசியாகக் குடித்தது ஞாயிறு மாலை நான்கு மணி. இந்த நான்கு மணிதான் நோயாளியின் தாளில் மேலே எழுத வேண்டிய எண்.

திங்கள் காலை ஆறு மணிக்கு, அதாவது பதினான்காவது மணியில், அவருக்கு நாடி 108, ரத்த அழுத்தம் 150/96. இரவு முழுதும் தூங்கவில்லை. இவ்வளவும் கால் வலியாலும் வரக்கூடியதுதான். அங்கேதான் பலமுறை கோட்டை விடுகிறார்கள்; வலி ஊசி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலியா, விலகலா என்று பார்க்க அளவுகோல் வேண்டும்.

வார்டில் 'சீவா' என்று அழைக்கப்படும் அளவுகோல் கனடாவில், டொரண்டோவின் போதை ஆய்வு நிறுவனத்தில் உருவானது. முதலில் 15 கேள்விகள் இருந்தன. 1989-இல் அதைச் சுருக்கிப் பத்தாக்கினார்கள். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், நிலைகொள்ளாமை, தோலில் விசித்திர உணர்வு, காதில் விசித்திர ஒலி, கண்ணில் விசித்திரக் காட்சி, தலைவலி ஆகிய ஒன்பதுக்கும் பூஜ்யம் முதல் ஏழு வரை மதிப்பெண். பத்தாவதான கால இட உணர்வுக்கு மட்டும் நான்கு வரை. ஆக மொத்தம் 67. நாடியும் ரத்த அழுத்தமும் குறித்து வைக்கப்படும், ஆனால் கூட்டலில் சேராது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு விலகலின் நடுவிலும் நாடி சாதுவாகவே இருக்கும் என்பதால், நாடியை மட்டும் நம்பாமல் இருப்பது நல்லதுதான்.

மதிப்பெண் போடுவது கண்ணும் கையும் செய்யும் வேலை. நோயாளியை இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்ல வேண்டும். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் விரல் நுனியில் விரல் வைத்தால் மட்டும் உணர முடிந்தால் ஒன்று. கையை நீட்டும்போது நன்றாகத் தெரிந்தால் நான்கு. கையை நீட்டாமலே உதறினால் ஏழு. வியர்வையில், உள்ளங்கை மட்டும் ஈரமென்றால் ஒன்று. நெற்றியில் முத்து முத்தாக நின்றால் நான்கு. சட்டை நனைந்தால் ஏழு. கண் பற்றிக் கேட்கும்போது "பூச்சி தெரியுதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. இந்த நிலையில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொள்வார். இல்லாத பூச்சி அந்த நொடியே ஊர ஆரம்பிக்கும். "வெளிச்சம் கூசுதா, கண்ணுக்கு ஏதாவது தொந்தரவா படுதா?" என்று தொடங்குவதுதான் முறை. மாத்திரை வேண்டுமென்று கூட்டிச் சொல்பவரும் உண்டு, வீட்டுக்குப் போக வேண்டுமென்று குறைத்துச் சொல்பவரும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர், நோயாளி தண்ணீர் டம்ளரை எடுக்கும் நேரத்தில் கையை ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறார்.

நமது நோயாளிக்குத் திங்கள் காலையில் குமட்டல் 2, நடுக்கம் 4, வியர்வை 3, பதற்றம் 4, நிலைகொள்ளாமை 2, தோல் அரிப்பு 1, தலைவலி 2, மற்றவை பூஜ்யம். மொத்தம் 18. பல மருத்துவமனைகளில் எட்டுக்குக் கீழே என்றால் மருந்தில்லாமல் கவனித்தால் போதும். எட்டு முதல் 15 வரை மிதமான நிலை. 15-ஐத் தாண்டினால் கடுமை. 18 என்பது கால் வலி மட்டும் கொடுக்கும் எண் அல்ல. மருத்துவர் குளோர்டயசெபாக்சைட் 50 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணியபோது 14. இன்னொரு 50. அடுத்த மணியில் 9. மதியத்துக்குள் 6. அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றானது.

இப்படி எண்ணைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. மணி அடித்தாற்போல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணை போடுவதுதான் பழைய வழக்கம். 1994-இல் ரிச்சர்ட் சைட்ஸ் குழுவினர் நூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அட்டவணைப்படியும் மறு பகுதிக்கு மதிப்பெண் ஏறும்போது மட்டுமும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இடைநிலைக் கணக்கில், அட்டவணைப் பிரிவுக்கு 68 மணி நேரச் சிகிச்சையும் 425 மில்லிகிராம் மருந்தும் தேவைப்பட்டன. மதிப்பெண் பிரிவுக்கு ஒன்பது மணி நேரமும் 100 மில்லிகிராமும் போதுமாயின. குறைந்த மருந்து என்றால் குறைந்த மயக்கம், குறைந்த விழுதல். ஆனால் இந்த முறையின் ஒரு தூண் செவிலியர் சொன்ன நேரத்துக்கு வந்து எண்ணுவது. ஒரு செவிலியருக்கு நாற்பது கட்டில் உள்ள இரவுப் பணியில் அது நடக்காது என்றால், அட்டவணை முறையே பாதுகாப்பானது. எண்ணாமல் விட்ட மதிப்பெண்ணைத் தாளில் எப்படியும் பூஜ்யமென்றே படிப்பார்கள்.

மருந்து கொடுக்கும் கைக்கு இன்னொரு கடமை உண்டு. ஒவ்வொரு வேளைக்கும் முன் நோயாளியை எழுப்பிப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் விழிக்கிறாரா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று முழு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சு 12-க்குக் கீழே இறங்கினாலோ, தட்டி எழுப்பினால்தான் கண் திறக்கிறார் என்றாலோ அந்த வேளையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். கல்லீரல் கெட்டவருக்கும் வயதானவருக்கும் குளோர்டயசெபாக்சைடும் டயஸபாமும் உடலில் தேங்கிவிடும். அவர்களுக்கு லோராஸபாம் ஏற்றது. முரண்டு பிடிப்பவரை அடக்க ஹாலோபெரிடாலை மட்டும் போடுவது தவறு. அது வலிப்பை எளிதாக்கும், விலகலையும் குறைக்காது.

தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியையும் தள்ளிப்போடக் கூடாது. வருடக்கணக்கில் குடித்தவரின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியையும் உடல் செலவழித்துவிட்டு மூளை சேதமடையலாம். கண் அசைவு கோணுவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். மூன்றும் ஒன்றாகவே வரும் என்பதில்லை. எனவே தயாமின் முதலில், குளுக்கோஸ் அடுத்து. சர்க்கரை ஆபத்தாக இறங்கிக் கிடப்பவருக்கு மட்டும் ஊசிக்காகக் காத்திருக்காமல் இரண்டையும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும்.

நமது நோயாளி செவ்வாய் பகல் முழுதும் அமைதியாக இருந்தார். எண் ஐந்தைத் தாண்டவில்லை. இரவு 11 மணிக்கு, அதாவது 55-ஆவது மணியில், போர்வையின் நூலை விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்றதற்கு, "எறும்பு சிஸ்டர், மெத்தை பூரா" என்றார். கிழமை கேட்டால் வெள்ளி என்றார். கட்டிலை விட்டு இறங்க முயன்றார். எண் 24.

இங்கேதான் அளவுகோலின் எல்லை தெரிகிறது. அது விலகலின் கடுமையை அளக்கும். இது விலகல்தானா என்று சொல்லாது. நீண்ட எலும்பு முறிந்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலிலும் மூளையிலும் அடைத்துக்கொள்வதுண்டு. அவருக்கும் குழப்பமும் பதற்றமும் வேகமான நாடியும் இருக்கும். சீவாவில் அழகாக 20 வாங்குவார். தலையில் அடிபட்டு மெதுவாக ரத்தம் கசிபவரும், சர்க்கரை இறங்கியவரும், நிமோனியா வந்தவரும், கல்லீரல் மயக்கத்துக்குள் போகிறவரும் அப்படியே. கடைசியாகச் சொன்னவருக்கு விலகல் மருந்து கொடுத்தால் மயக்கம் ஆழமாகும். கையை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால், விலகலில் விரல் மெலிதாகத் துடிக்கும். கல்லீரல் மயக்கத்தில் பறவை இறகடிப்பது போல் கை சட்டென்று விழுந்து விழுந்து எழும்.

பணியில் இருந்த செவிலியர் மருந்துக்கு முன் இவற்றைப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு 97, மூச்சு 20, சர்க்கரை 112, கண்மணிகள் சமம், நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் இல்லை. அதற்குப் பின்தான் மருத்துவரிடம் சன்னி என்று சொன்னார். நோயாளியைத் தீவிர கவனிப்புப் பிரிவுக்கு மாற்றி, நரம்பு வழியாக லோராஸபாம் தொடங்கினார்கள். அங்கே சீவா ஒதுக்கி வைக்கப்பட்டது. கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாதவரிடம் தலைவலி எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. அந்த இடத்தில் ரிச்மண்ட் அளவுகோல் உதவும்: அடிக்க வரும் நிலை கூட்டல் நான்கு, அமைதியான விழிப்பு பூஜ்யம், எதற்கும் அசையாத நிலை கழித்தல் ஐந்து. கூப்பிட்டால் விழிக்கும் லேசான உறக்கத்தில் வைத்திருப்பதே குறிக்கோள்.

சன்னியில் இருப்பவருக்கு மருந்தைப் போலவே அறையும் முக்கியம். இருட்டில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும். கண்ணைக் கூசும் விளக்கு பயமுறுத்தும். நிழல் விழாத மங்கலான வெளிச்சம் வேண்டும். ஒரே செவிலியர் வருவது, வரும்போதெல்லாம் பேரைச் சொல்லி, இது ஆஸ்பத்திரி, இன்று செவ்வாய்க்கிழமை, கால் முறிந்து வந்திருக்கிறீர்கள் என்று சுருக்கமாகச் சொல்வது, வீட்டார் ஒருவர் உடன் இருப்பது ஆகியவை குழப்பத்தைக் குறைக்கும். எறும்பே இல்லை என்று வாதாடவும் கூடாது, ஆமாம் இருக்கிறது என்று ஆமோதிக்கவும் கூடாது. "எனக்குத் தெரியல, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்பது போதும். கட்டிலைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கட்டிப்போடுவது கடைசி வழி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் வரைதான் அதைச் செய்யலாம். கட்டப்பட்டவர் திமிறித் திமிறி உடல் சூடேறிச் சோர்ந்துபோவதும், மல்லாந்த நிலையில் வாந்தி நுரையீரலுக்குள் போவதும் நடக்கும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

அந்த நோயாளி வெள்ளிக்கிழமை காலை விழித்து, தான் எந்த வார்டில் இருக்கிறோம் என்று கேட்டார். இரண்டு நாள் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

வீட்டில் தினமும் குடிப்பவர் ஒருவர் எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், உடன் செல்பவர் கூச்சப்படாமல் மூன்று விஷயங்களைச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்: தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா. சேர்க்கும்போதே சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் இரவுக்கு முன்பே மருந்தும் ஆளும் தயாராக இருக்கும்.